கே.வி. பட்டதாரி ஆசிரியர் விண்ணப்பம்: சிடெட் எண், பாடச் சேர்க்கை, அனுபவச் சான்று மூன்றையும் பிழையில்லாமல் நிரப்புவது

கேந்திரிய வித்யாலயாவின் பட்டதாரி ஆசிரியர் பணியைத்தான் டிஜிடி என்கிறோம். அந்த விண்ணப்பத்தில் பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் அரை மணி நேர வேலை. நேரம் எடுப்பவை மூன்று: தகுதித் தேர்வின் ரோல் நம்பர், பட்டப்படிப்பில் படித்த பாடச் சேர்க்கை, பணி அனுபவம். இங்கே தவறாக எதை உள்ளிட்டாலும் பெரும்பாலும் திரை தடுக்காது. கட்டணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கி, தேர்வும் எழுதிவிடலாம். அசல் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நாளில்தான் தவறு தெரியும். அப்போது திருத்த முடியாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கே.வி. விதிகள் எழுதப்பட்ட விதமும் நம் மதிப்பெண் பட்டியல்கள் அச்சாகும் விதமும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துவதில்லை. 2025 இறுதியில் கே.வி., நவோதயா இரண்டுக்கும் சேர்த்து சிபிஎஸ்இ ஒரே அறிவிக்கை வெளியிட்டது. நடத்துவது யாராக இருந்தாலும் கீழே உள்ள வேலைகள் மாறாது. விதியின் சொற்கள் மாறலாம் என்பதால் அந்த ஆண்டின் அறிவிக்கையில் உங்கள் பாடத்துக்கான பத்தியை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடெட் ரோல் நம்பர்

முதலில் எந்தத் தேர்வு என்பது. கே.வி. கேட்பது சிபிஎஸ்இ நடத்தும் சிடெட். தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டெட்டில் எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் அந்த எண்ணை இந்தக் கட்டத்தில் போட்டுப் பயனில்லை. அடுத்தது எந்தத் தாள் என்பது. முதல் தாள் 1 முதல் 5 வகுப்பு வரைக்கும், இரண்டாம் தாள் 6 முதல் 8 வரைக்கும் உரியது. டிஜிடிக்கு இரண்டாம் தாள் தேர்ச்சி வேண்டும். இரண்டையும் எழுதி முதல் தாளில் மட்டும் தேறியவர்கள், ‘சிடெட் பாஸ்’ என்ற நினைப்பில் அந்த விவரத்தை உள்ளிட்டுவிடுவதுண்டு.

எண்ணை எங்கிருந்து எடுப்பது? மதிப்பெண் பட்டியலிலிருந்தோ தகுதிச் சான்றிதழிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஹால் டிக்கெட்டில் விண்ணப்ப எண்ணும் ரோல் நம்பரும் இரண்டும் இருக்கும். அவசரத்தில் கண் முதலில் விழும் எண்ணை எடுத்துவிடுவதுதான் இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு. காகிதம் தொலைந்திருந்தால் டிஜிலாக்கரில் தேடுங்கள். அண்மை ஆண்டுகளின் சிடெட் ஆவணங்கள் அதில் கிடைக்கும்.

எண்ணை ஒவ்வோர் இலக்கமாகக் கையால் தட்டுங்கள். பலர் தங்கள் விவரங்களை முன்கூட்டியே எக்செல் தாளில் சேர்த்து வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் எக்செல் ஒரு வேலை செய்யும்: எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். எண் 12 இலக்கம் வந்தால் 1.20305E+11 என்று சுருக்கிக் காட்டும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இலக்கம் குறைந்த எண்தான் போய்ச் சேரும். அந்தக் கலத்தை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணை அடித்தால் இந்தச் சிக்கல் வராது.

ரோல் நம்பருக்குப் பக்கத்திலேயே தேர்வு நடந்த மாதமும் ஆண்டும் கேட்கப்படும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிடெட்டின் பெயரில் உள்ள மாதமும் தேர்வு எழுதிய நாளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘ஜூலை 2020’ தேர்வு கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஜனவரி 31 அன்று நடந்தது. ‘ஜூலை 2023’ தேர்வு ஆகஸ்ட் 20இல் நடந்தது. ‘டிசம்பர் 2022’ தேர்வு டிசம்பர் இறுதியில் தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை பல நாள்களில் நடந்தது. நீங்கள் 2023 ஜனவரியில் எழுதியிருந்தாலும் சான்றிதழில் ‘டிசம்பர் 2022’ என்றுதான் இருக்கும். பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதையே. ரோல் நம்பரும் தேர்வின் பெயரும் சேர்ந்துதான் உங்கள் பதிவைக் காட்டும். ctet.nic.in தளத்தில் அந்தத் தேர்வின் முடிவுப் பக்கம் இன்னும் இருந்தால், உள்ளிடப் போகும் எண்ணை அங்கே ஒரு முறை தட்டிப் பாருங்கள். உங்கள் பெயர் வந்தால் எண்ணும் சரி, மாதமும் சரி.

இரண்டு மூன்று முறை எழுதித் தேறியவர்கள் ஒரே ஒரு தேர்வைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எண், மாதம், மதிப்பெண் மூன்றும் அந்த ஒரே சான்றிதழிலிருந்து வர வேண்டும். 2019இல் 94, 2021இல் 103 என்றால், 103ஐ எழுதிவிட்டுப் பழைய எண்ணைப் போடுவது இருப்பதிலேயே மோசமான கலவை. மதிப்பெண் 150க்குக் கேட்கப்படுகிறதா, சதவீதமாகவா என்பதையும் பாருங்கள். 103 என்பது 68.67 சதவீதம்.

பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. 2011 முதல் சில ஆண்டுகள் வழங்கப்பட்டவற்றில் ஏழு ஆண்டுகள் செல்லும் என்று அச்சாகியிருக்கும். 2021 ஜூனில் அந்த வரம்பு நீக்கப்பட்டு, 2011 முதலே முன்தேதியிட்டு ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆக்கப்பட்டது. ஆகவே அவற்றின் எண்ணைத் தயங்காமல் உள்ளிடலாம்.

பெயரில் நம்மூர்ச் சிக்கல் ஒன்றுண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்தோடு ‘ர. கவிதா’, சிடெட்டில் அப்பா பெயரை விரித்து ‘கவிதா ரங்கநாதன்’ என்று இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புப் பெயரையே எழுதுங்கள். சிடெட் பெயரை அதோடு ஒத்துப்போகச் செய்ய, இருவரும் ஒருவரே என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சரிபார்ப்பு நாளுக்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

பாடச் சேர்க்கை

மூன்றில் கடினமானது இதுதான். காரணம், விதி வடநாட்டுப் பட்டப்படிப்பை நினைத்து எழுதப்பட்டது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் மூன்று பாடங்களைச் சமமாகப் படித்துப் பட்டம் வாங்குவார்கள். நம்மிடம் ஒரு மேஜர், அதோடு முதல் இரண்டு ஆண்டுகளில் அலைடு பாடங்கள். நம்முடைய பி.எஸ்சி. கணிதம், விதியின் மொழியில், ஆனர்ஸ் பட்டத்துக்கு அருகில் வருவது.

இதுவரை வந்த அறிவிக்கைகளில் சேர்க்கை இப்படி இருந்தது. கணிதத்துக்கு: கணிதமும், இயற்பியல், வேதியியல், எலெக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல், புள்ளியியல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டும். அறிவியலுக்கு: தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும். சமூக அறிவியலுக்கு: வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டு, அவற்றில் ஒன்று வரலாறு அல்லது புவியியல். ஆங்கிலத்துக்கு: மூன்று ஆண்டுகளும் ஆங்கிலம்.

கணித ஆனர்ஸ் படித்தவருக்கு ஒரு குறிப்பு தனியாக இருக்கும்: மற்ற இரண்டு பாடங்களை முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ படித்திருந்தால் தகுதி உண்டு. நம்மூர் பி.எஸ்சி. கணிதப் பட்டதாரி சாய்ந்து நிற்பது இந்த வரியில்தான். முதல் ஆண்டில் அலைடு இயற்பியல், இரண்டாம் ஆண்டில் அலைடு வேதியியலோ புள்ளியியலோ படித்திருந்தால் சேர்க்கை அமைகிறது. இரண்டு ஆண்டுகளிலும் ஒரே அலைடு படித்தவருக்கு இரண்டாவது பாடம் இல்லை. மேஜர் தாள்களுக்கிடையே ‘புள்ளியியல்’ என்ற பெயரில் ஒரு தாள் இருந்தது என்பதைத் தனிப் பாடமாகக் காட்ட நினைக்காதீர்கள். பட்டியலில் அது கணிதத்தின் கீழ்தான் அச்சாகியிருக்கும்.

இயற்பியல் பட்டதாரிகளுக்கு இந்த விதி உண்மையிலேயே கடுமையானது. மாநிலப் பள்ளிகளில் அவர்கள் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கே.வி.யில் அறிவியல் என்றால் தாவரவியல், விலங்கியல், வேதியியல். அங்கே இடமில்லை. கணிதத்துக்குப் போகலாமென்றால், இயற்பியல் அல்லது வேதியியல் ஆனர்ஸ் படித்தவர் கணித டிஜிடிக்குத் தகுதியில்லை என்று அறிவிக்கை வெளிப்படையாகவே சொல்லும். அலைடு கணிதத்தை நம்பிப் பட்டியலில் ‘கணிதம், இயற்பியல், வேதியியல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை ஏற்றுக்கொள்ளும், சரிபார்ப்பில் நிற்காது. பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ மேஜராகப் படித்து, சமூக அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே நிலைதான். பி.ஏ. வரலாறு படித்து, முதல் இரண்டு ஆண்டுகளில் அரசியல் அறிவியலோ பொருளாதாரமோ அலைடாக இருந்தவருக்குச் சிக்கல் இல்லை.

எந்தச் சேர்க்கையைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும் வரிசையாகப் பரப்பி, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு பத்தி போடுங்கள்: பாடம், எந்த செமஸ்டர், பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண். மொழித் தாள்களைத் தனியே எழுதுங்கள். செய்முறைத் தாளை அந்தந்தப் பாடத்தோடு சேருங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் பி.எஸ்சி. கணிதம். மேஜர் 15 தாள்களில் 1500க்கு 990. முதல் ஆண்டில் அலைடு இயற்பியல், இரண்டு எழுத்துத் தாள், ஒரு செய்முறை, 300க்கு 142. இரண்டாம் ஆண்டில் அலைடு புள்ளியியல், 300க்கு 171. தமிழ் 400க்கு 218, ஆங்கிலம் 400க்கு 201. மீதி விருப்பப் பாடங்கள் 400க்கு 260.

மூன்று பாடங்களும் சேர்ந்து 2100க்கு 1303, அதாவது 62.05 சதவீதம். எல்லாம் சேர்ந்த மொத்தம் 3300க்கு 1982, அதாவது 60.06 சதவீதம். ஆனால் இயற்பியலைத் தனியே எடுத்தால் 47.33தான். இவர் தகுதியுள்ளவரா? விடை அறிவிக்கையின் ஒரு சொல்லில் இருக்கிறது. ‘பாடச் சேர்க்கையிலும் மொத்தத்திலும் 50 சதவீதம்’ என்றிருந்தால் தேறுகிறார். ‘ஒவ்வொரு பாடத்திலும்’ என்றிருந்தால் இயற்பியல் அவரை வெளியே தள்ளுகிறது. அவரே மூன்றாவதாக இன்னோர் அலைடு பாடமும் படித்திருந்தால், 50க்கு மேல் வந்த இரண்டை வைத்துச் சேர்க்கையை அமைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் பத்தி போட்டுப் பார்ப்பது.

விண்ணப்பத்தில் இரண்டு சதவீதங்கள் வரும் கட்டங்கள் உண்டு. ஒன்று பட்டத்தின் மொத்தம், இன்னொன்று அந்தப் பாடங்களுக்கானது. மேலே சொன்னவர் முதலாவதில் 60.06, இரண்டாவதில் 62.05 எழுத வேண்டும். பட்டச் சான்றிதழில் ‘முதல் வகுப்பு’ என்று இருப்பது பல பல்கலைக்கழகங்களில் மூன்றாம் பகுதியை, அதாவது மேஜரையும் அலைடையும், மட்டும் வைத்துக் கொடுப்பது. மொழித் தாள்களைச் சேர்த்தால் சதவீதம் இறங்கும். அந்த முதல் வகுப்பை நம்பி 60க்கு மேல் எழுதி, கூட்டிப் பார்க்கும்போது 57 வந்தால், பொய்த் தகவல் என்ற கேள்விதான் எழும். 49.8ஐ 50 ஆக்கவும் கூடாது.

மதிப்பெண் இல்லாமல் கிரேடு மட்டும் உள்ள பட்டியல் என்றால், உங்கள் பல்கலைக்கழகம் அறிவித்த மாற்றுச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பத்தால் பெருக்குவது எல்லா இடத்துக்கும் பொதுவல்ல. சூத்திரம் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதற்கு நாளாகும், அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அரியர் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது: முதல் ஆண்டு அலைடு இயற்பியலை மூன்றாம் ஆண்டு நவம்பரில் எழுதித் தேறியிருந்தால், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாளுக்கு நேரே அந்த நவம்பர்தான் இருக்கும். பார்ப்பவருக்கு ‘முதல் ஆண்டில் படித்தாரா’ என்ற சந்தேகம் வரும். முதலில் எழுதித் தவறிய அந்த செமஸ்டரின் பட்டியலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வெட்கப்பட வேண்டிய காகிதமல்ல அது. எந்த ஆண்டில் படித்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பட்டம் முடித்த தேதி என்ற கட்டத்தில் கடைசி அரியர் தேறிய மாதத்தை எழுதுங்கள். பட்டமளிப்பு விழா நடந்த நாளை அல்ல.

அனுபவச் சான்றுகள்

டிஜிடிக்கு அனுபவம் கட்டாயத் தகுதி அல்ல. துணை முதல்வர், முதல்வர் போன்ற பணிகளுக்குத்தான் அது தகுதியே. ஆகவே இருப்பதை மட்டும், நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். தேவையில்லாத இடத்தில் ஊதிப் பெருக்கி எழுதி, மற்றதெல்லாம் சரியாக உள்ள விண்ணப்பத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குவதில் பொருளில்லை.

தனியார் பள்ளிகள் தரும் சான்று பெரும்பாலும் நான்கு வரி: இவர் எங்கள் பள்ளியில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள். அது நற்சான்று மட்டுமே. அனுபவச் சான்றில் பள்ளியின் முழு முகவரியும் 11 இலக்க யூடைஸ் எண்ணும், எந்த வாரியத்தோடு இணைந்தது என்பதும் வேண்டும். பதவி என்ன, எந்த வகுப்புகளுக்கு எந்தப் பாடம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா ஒப்பந்தமா, ஊதியம் எவ்வளவு என்பவையும் வேண்டும். கீழே முதல்வரின் கையெழுத்து, முத்திரை, கொடுத்த தேதி. ‘ஆசிரியர்’ என்று மட்டும் எழுதி வகுப்பைச் சொல்லாத சான்றை வைத்து, 6 முதல் 10 வகுப்புக்குக் கற்பித்ததாகக் காட்ட முடியாது. மாதிரி ஒன்றை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் அலுவலக எழுத்தருக்கும் வேலை குறையும், எதுவும் விடுபடாது.

இப்போதும் பணியில் இருப்பவருக்கான சான்றில் ‘இன்றுவரை’ என்றிருக்கும். அந்த ‘இன்று’, சான்று கொடுத்த தேதிதான். மார்ச்சில் வாங்கிய சான்றை வைத்து நவம்பர் வரை அனுபவம் எழுதினால் எட்டு மாதத்துக்கு ஆதாரம் இல்லை. கடைசித் தேதிக்குச் சற்று முன்பு புதிதாக வாங்குங்கள்.

ஒவ்வொரு பணிக்காலத்தையும் தனி வரியாக உள்ளிடுங்கள். கே.வி.யிலேயே ஒப்பந்த ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது முக்கியம். அந்த நியமனம் கல்வியாண்டோடு முடிந்து, அடுத்த ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஒருவர் தனியார் பள்ளியில் 10.06.2019 முதல் 30.04.2021 வரை, பிறகு ஒப்பந்தத்தில் 16.08.2021 முதல் 31.03.2022 வரை, மீண்டும் 05.07.2022 முதல் 31.03.2023 வரை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1 ஆண்டு 10 மாதம் 21 நாள். இரண்டாவது 7 மாதம் 16 நாள். மூன்றாவது 8 மாதம் 27 நாள். சேர்ந்த நாள்கள் 64, அதை 30 நாளுக்கு ஒரு மாதமாக மாற்றினால் 2 மாதம் 4 நாள். மொத்தம் 3 ஆண்டு 3 மாதம் 4 நாள். இதையே ‘ஜூன் 2019 முதல் மார்ச் 2023 வரை’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் 3 ஆண்டு 9 மாதத்துக்கு மேல் காட்டும். அரை ஆண்டு கூடுதல், அதுவும் உங்கள் சான்றுகளே மறுக்கும் கூடுதல்.

அடுத்து, தேதிகளை உங்கள் படிப்போடு ஒட்டிப் பாருங்கள். வழக்கமான பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. 2019 ஜூலை முதல் 2021 ஜூன் வரை கல்லூரியில் பி.எட். படித்ததாக ஒரு பக்கத்திலும், அதே காலத்தில் பள்ளியில் முழுநேர ஆசிரியர் என்று இன்னொரு பக்கத்திலும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடும். அந்தப் பணிக்காலத்தை விட்டுவிடுங்கள். பி.எட். காலத்துப் பள்ளிப் பயிற்சியும் டியூஷன் மையத்தில் எடுத்த வகுப்பும் பள்ளி அனுபவத்தில் சேராது.

சான்று உண்மைதானா என்று கேட்டால் காட்ட, வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக்கோ சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு அறிக்கையோ போதும். பாஸ்புக்கில் பள்ளியின் பெயருக்குப் பதில் அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அப்படியானால், அந்த அறக்கட்டளை நடத்தும் பள்ளி இது என்ற ஒரு வரியைச் சான்றிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மூடப்பட்ட பள்ளி என்றால் முதல்வரைத் தேடி அலைவதைவிட அறக்கட்டளையின் செயலரிடம் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியம்.

அரசுப் பணியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ இப்போது இருப்பவர்கள் அனுபவச் சான்றோடு துறையின் தடையின்மைச் சான்றும் காட்ட வேண்டியிருக்கும். அதற்கான கோரிக்கையைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பி, அலுவலக முத்திரையிட்ட ஒப்புகை நகலை வாங்கி வையுங்கள். சரிபார்ப்பு அழைப்பு வந்த பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் நேரத்துக்குக் கைக்கு வராது.